குரூப் போட்டோ ஓரத்தில் நீண்ட கை: எடுப்பதும், பின்னால் இருந்ததைத் திரும்பக் கட்டுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹட்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் 12 வருடமாகப் படம் திருத்துகிறேன். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் லீவில் வந்து போன பிறகு, அடுத்த இரண்டு வாரமும் எனக்கு இதே வேலைதான். எல்லோரும் வரிசையாக நிற்பார்கள், நடுவில் தாத்தா, ஓரத்தில் அப்பாயி, அதற்கும் ஓரத்தில் யாரோ ஒருவருடைய கையும் போனும். கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கை ஓரத்தில்தானே இருக்கிறது, வெட்டிவிட்டால் போதாதா?

பாதிக்கு மேற்பட்ட படங்களுக்குப் போதும், அதனால் முதலில் அதைத்தான் பாருங்கள். சாதாரண போனில் எடுத்த படம் 4000 × 3000 பிக்சல் என்று வையுங்கள். வலது ஓரத்தில் கை 260 பிக்சல் அகலத்துக்கு இருக்கிறது. அதை வெட்டினால் 3740 மிஞ்சும், 12 × 8 அங்குலத்துக்குப் பிரிண்ட் போட்டாலும் அங்குலத்துக்கு 311 பிக்சல் வருகிறது, அது தாராளம். அதோடு 12 × 8 பிரிண்டின் வடிவமும் போன் படத்தின் வடிவமும் ஒன்றல்ல, எப்படியும் மேலேயோ கீழேயோ கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும், அந்த வெட்டிலேயே கையும் போய்விட்டால் நல்லது.

வெட்டக்கூடாத இடம் ஒன்றுதான். ஓரத்தில் நிற்பவரின் முழங்கையோ தோளோ சேர்ந்து போகிறது என்றால் விட்டுவிடுங்கள். கை இருந்த படத்தைவிட அப்பாயி பாதியாக நிற்கும் படம் மோசம்.

வாட்ஸ்அப்பில் வந்த படம்தான் இருக்கிறது. அதில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எடுத்தவரிடம் மூலப் படத்தை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஜேபெக் படம் 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கப்படுகிறது. அதிகம் சுருங்கிய படத்தில் அந்தக் கட்டங்கள் லேசாகத் தெரியும். நீங்கள் ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் பூசும்போது கட்டம் கட்டத்தோடு பொருந்தாமல் விலகிப்போகும், வானத்திலும் பனிமூட்டத்திலும் அது அழுக்குத் திட்டு மாதிரித் தெரியும்.

எதில் செய்வது? போனிலேயே முடியாதா?

கைக்குப் பின்னால் வெறும் வானமோ பனியோ புல்லோ மட்டும்தான் என்றால் போனிலேயே முடியும். Snapseed-இல் Healing இருக்கிறது, நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள், ஒரே இழுப்பில் முழுக் கையையும் தடவ வேண்டாம். பின்னால் கூரை, சுவர், ஆள் என்று ஏதாவது இருந்தால் எங்கிருந்து எடுப்பது என்பதை நீங்களே சொல்கிற கருவி வேண்டும். நான் இங்கே GIMP-ஐ வைத்துச் சொல்கிறேன், காசில்லாமல் கிடைக்கிறது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் வேலை இதேதான், எடுக்கும் இடத்தைக் குறிக்க Ctrl-க்குப் பதில் Alt அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கையை ஹீல் போட்டு அழித்தேன், அந்த இடம் கரைந்துபோய்ப் புகை மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

ஹீலுக்கும் க்ளோனுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டால் இது ஏன் என்று புரியும். க்ளோன் ஓர் இடத்தில் இருப்பதை அப்படியே எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும். ஹீல் எடுத்த இடத்தின் இழையை மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் பூசும் இடத்தைச் சுற்றியுள்ளதோடு சேர்த்துவிடும். சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் அது அருமையாக வேலை செய்யும். பக்கத்திலேயே கறுப்புத் தலைமுடியோ சிவப்புச் சேலையோ இருந்தால் அந்தக் கறுப்பையும் சிவப்பையும் உள்ளே இழுத்துவிடும். நீங்கள் பார்த்த புகை அதுதான்.

படத்தின் விளிம்பிலும் இதே கஷ்டம். அங்கே ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, அதனால் மிச்சமிருக்கும் பக்கத்து நிறம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. உங்கள் கை இருப்பது விளிம்பில், அது தொட்டுக்கொண்டிருப்பது ஒரு ஆளை, ஆக இரண்டு தொல்லையும் சேர்ந்துவிட்டது. முதலில் எல்லாவற்றையும் க்ளோனால் கட்டுங்கள். கட்டி முடித்த பிறகு, ஆள் விளிம்பையும் பட விளிம்பையும் தொடாமல், நடுவில் தெரியும் ஒட்டுகளை மட்டும் ஹீலால் தடவுங்கள்.

ஒரு படத்தை முதலிலிருந்து எப்படிச் செய்வீர்கள் என்று சொல்ல முடியுமா?

சொல்கிறேன், இது கொஞ்சம் நீளும். போன தீபாவளிக்குப் பிறகு நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த படம். லயத்து முற்றத்தில் 11 பேர். வலது கடைசியில் அப்பாயி, அரக்குச் சேலை. பக்கத்தில் நின்ற மாமா தன் போனிலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டியிருக்கிறார். அந்தக் கை வலது விளிம்பிலிருந்து 340 பிக்சல் உள்ளே வந்து, விரல் நுனி அப்பாயியின் முந்தானையை ஒரு 40 பிக்சல் மறைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டினால் முந்தானையும் தோளும் போகும்.

முதலில் எதையும் தொடாமல் கைக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று மேலிருந்து கீழே எண்ணினேன். போனின் மேல் முனைக்குப் பின்னால் பனிமூட்டம், அதற்குக் கீழே தேயிலை மலை, மணிக்கட்டுக்குப் பின்னால் அடுத்த லயத்தின் தகரக் கூரை, முழங்கைக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர். எல்லாவற்றுக்கும் முன்னால் சேலை. இந்த வரிசைதான் வேலையின் வரிசை. தூரத்தில் இருப்பதை முதலில் கட்ட வேண்டும், கிட்டே இருப்பதைக் கடைசியில். அப்போதுதான் மலையைப் பூசும்போது கூரைக்குள் கொஞ்சம் வழிந்தாலும், கூரையைக் கட்டும்போது அது மூடிப்போகும்.

புதிதாக ஒரு வெறும் லேயர் போட்டு, க்ளோனில் Sample merged-ஐ டிக் செய்து, Alignment-ஐ Aligned என்று வைத்தேன். இப்படிச் செய்தால் பூச்சு தனி லேயரில் விழும், மூலப் படம் அப்படியே இருக்கும், பிழைத்தால் அந்த இடத்தை மட்டும் அழித்துத் திரும்பப் பூசலாம். அப்புறம் அப்பாயியின் தோள் விளிம்பை Paths-ஆல் சுற்றிவந்து, அதைத் தேர்வாக மாற்றி, தேர்வைத் தலைகீழாக்கி, ஒரு பிக்சல் ஃபெதர் கொடுத்தேன். இனிப் பின்னணியில் எவ்வளவு பூசினாலும் சேலைக்குள் வராது. விரல் மறைத்த அந்த 40 பிக்சலில் தோள் எப்படி வளைந்திருக்கும் என்பதை மேலும் கீழும் தெரியும் கோட்டை வைத்துச் சேர்த்துக்கொண்டேன்.

பனிமூட்டம் இரண்டு நிமிட வேலை, ஒன்றை மட்டும் கவனித்தால். பனி மேலே வெளுப்பாகவும் கீழே வர வர மங்கலாகவும் இருக்கும். அதனால் மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்துப் பூசினால் திட்டுத் தெரியும். அதே உயரத்தில், பக்கவாட்டில் இருந்து எடுங்கள்.

தேயிலை மலைக்கும் இதே கதைதான், ஆனால் காரணம் வேறு. மலையில் உயர ஏற ஏற செடி சின்னதாகவும் நீலம் பாய்ந்ததாகவும் தெரியும், ஏனென்றால் அது அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. கீழே இருக்கும் பெரிய செடியை எடுத்து மேலே வைத்தால், மலை நடுவில் ஒரு புதர் முளைத்த மாதிரி இருக்கும். செடி வரிசைகள் மலையைச் சுற்றி வளைந்து போகும் இல்லையா, அந்த வளைவோடு போய், அதே வரிசையில் ஐந்தாறு செடி தள்ளி எடுத்துக்கொண்டால் அளவும் நிறமும் தானாகவே பொருந்தும். பிரஷ் 70 பிக்சல், Hardness 75. ரொம்ப மெதுவான பிரஷ் வேண்டாம், அதன் ஓரத்தில் இரண்டு இடத்து இலையும் கலந்து மங்கிப்போய், நிரப்பிய இடம் ஃபோகஸ் இல்லாதது போல் தெரியும்.

கூரைதான் நேரம் தின்றது. தகரத்தின் மேடு பள்ள வரிகள் வலது ஓரத்தில் 22 பிக்சலுக்கு ஒன்று, இடது பக்கம் போகப் போக 17 பிக்சலுக்கு ஒன்று, கூரை அந்தப் பக்கம் தூரமாகப் போகிறது. ஆகவே தூரத்திலிருந்து எடுக்க முடியாது, பக்கத்து நான்கு வரிகள்தான். எடுக்கும் புள்ளியை ஒரு மேடு கூரை விளிம்பைத் தொடும் இடத்தில் வைத்தேன். பூசத் தொடங்கியதும் அதே போல ஒரு மேடு விளிம்பைத் தொட வேண்டிய இடத்தில். கை மறைத்திருப்பதால் அந்த இடம் தெரியாது, அதனால் வேறொரு லேயரில் கூரை விளிம்பை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு இழுத்து, அதன்மேல் 22 பிக்சலுக்கு ஒரு புள்ளி குறித்துக்கொண்டேன். நான்கு வரி என்றால் 88 பிக்சல். ஒரு தடவையில் 88 பிக்சல்தான் பூசலாம், அதற்கு மேல் இழுத்தால் கையையே எடுத்துக் கையின்மேல் பூசுவீர்கள். நான்கு வரி பூசி, விட்டு, திரும்பப் புள்ளி குறித்து அடுத்த நான்கு. இப்படியே விளிம்பு வரைக்கும். கடைசியில் சிவப்புக் கோட்டு லேயரை அழித்துவிட்டேன்.

சுவர் லேசானது, சேலை கடைசி. தேர்வைத் திரும்பவும் தலைகீழாக்கி, இப்போது சேலைக்குள் மட்டும் பூசும்படி வைத்து, மடிப்பு போகும் திசையிலேயே, விரலுக்குச் சற்றுக் கீழே இருந்து துணியை எடுத்து மேலே ஏற்றினேன். எல்லாம் முடிந்ததும் தேர்வை நீக்கிவிட்டு, Layer > New from Visible கொடுத்து, அந்த லேயரில் ஹீல். ஒட்டுகளுக்கு மட்டும் ஐந்தாறு தொடுதல். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதி கூரைக்கு.

நிரப்பிய இடத்தில் ஒரே செடி, ஒரே கல் திரும்பத் திரும்ப வருகிறதே?

இது எனக்கே நடந்தது, வேலை தொடங்கிய காலத்தில். லயத்துக் கூரையில் தகரம் காற்றுக்குப் பறக்காமல் கல்லும் பழைய டயரும் வைத்திருப்பார்கள் அல்லவா, ஒரு படத்தில் கூரையை நிரப்பும்போது அப்படி ஒரு கல்லையும் சேர்த்து எடுத்துவிட்டேன். கவனிக்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிய அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்க லயத்துல அந்த எடத்துல கல்லே இல்லியே தம்பி” என்றார். அந்தக் கூரைக்குக் கீழேதான் அவர் பிறந்து வளர்ந்திருக்கிறார். பிரிண்டைத் திரும்ப வாங்கி, கல்லை எடுத்து, வேறு போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஒன்று, கண்ணில் படுகிற எதையும், அதாவது கல், துருப்பிடித்த திட்டு, தனியாக நிற்கும் சவுக்கு மரம், கொழுந்துக் கூடையோடு தூரத்தில் தெரியும் ஆள், இவற்றை எடுக்கும் இடத்தில் சேர்க்கமாட்டேன், சேர்ந்துவிட்டால் இரண்டாவதன்மேல் வேறிடத்திலிருந்து ஒரு துண்டு போட்டு மறைப்பேன். இரண்டு, படம் கொண்டுவருபவரிடம் கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்பேன். அங்கே ஒரு பீலி இருக்கிறது, ஒரு வாழை நிற்கிறது என்று சொல்வார்கள். சில நேரம் அதே முற்றத்தில் எடுத்த பழைய படம் ஒன்றையும் போனில் காட்டுவார்கள், ஊகித்துக் கட்டுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

அடுத்தடுத்து நாலு படம் எடுத்தோம், கை ஒரு படத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் மற்றதில் பாப்பா கண்ணை மூடிவிட்டாள்.

அப்படியானால் உங்களுக்குக் கட்டும் வேலையே இல்லை, பின்னால் இருந்தது உண்மையாகவே உங்களிடம் இருக்கிறது. கை இல்லாத படத்தை லேயராக மேலே போட்டு, அதன் Mode-ஐ Difference ஆக்குங்கள். இரண்டும் பொருந்தும் இடம் கறுப்பாகும், பொருந்தாத இடம் கோடு கோடாக மின்னும். நகர்த்தியும் கொஞ்சம் சுழற்றியும் கறுப்பாக்கிய பிறகு Mode-ஐ Normal ஆக்கி, கறுப்பு மாஸ்க் போட்டு, கை இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையால் திறந்துவிடுங்கள்.

நிறையப் பேர் இங்கே சறுக்குவது முகங்களைப் பொருத்துவதால். கையில் பிடித்து எடுத்த படங்களில் கெமரா ஒவ்வொரு தடவையும் சற்று நகர்ந்திருக்கும், அப்போது கிட்டே இருப்பது அதிகமாகவும் தூரத்தில் இருப்பது குறைவாகவும் இடம் மாறும். முகங்கள் பொருந்தினால் கூரை பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது கைக்குப் பின்னால் இருக்கும் கூரைதான், அதனால் கூரையைப் பொருத்துங்கள், முகங்கள் விலகியிருந்தால் இருக்கட்டும், அவை மாஸ்க்குக்குள் மறைந்துதான் இருக்கப்போகின்றன. இடையில் மேகம் மறைத்து வெளிச்சம் மாறியிருந்தால் மேல் லேயரை Curves-இல் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள்.

செல்ஃபி ஸ்டிக் ஒன்று குறுக்கே போகிறது, அது மெல்லியதுதானே, லேசா?

கையைவிட லேசு. படத்தில் சாய்வாக வரும், பின்னால் வானம், மலை, புல் என்று மாறிக்கொண்டே போகும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித் துண்டாகச் செய்ய வேண்டும். ஒரு துண்டின் தொடக்கத்தில் ஒரு கிளிக், Shift-ஐப் பிடித்துக்கொண்டு முடிவில் ஒரு கிளிக், நேர்கோடாகப் பூசிவிடும். எடுக்கும் இடம் ஸ்டிக்குக்குச் செங்குத்தாக இருக்க வேண்டியதில்லை, முன்னே சொன்ன மாதிரி பக்கவாட்டில் இருக்கட்டும்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் எடுத்த படங்கள் தனி ரகம். அங்கே எப்போதும் கூட்டம், யாராவது ஒருவருடைய ஸ்டிக் ஓரத்தில் நுழைந்திருக்கும். 1921-இல் திறந்த பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், பார்ப்பதற்கு ஒன்பது வளைவும் ஒன்று போலவே இருப்பதால் ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் வைக்கலாம் என்று தோன்றும். வைத்துப் பார்த்தால் பொருந்தாது. பாலமே வளைந்து போகிறது, ஒவ்வொரு வளைவும் உங்களை வேறு கோணத்தில் பார்க்கிறது, உட்சுவர் ஒன்றில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் தெரியும். அதே தூணில் ஸ்டிக் மறைக்காத பக்கத்திலிருந்து சின்னச் சின்னதாக எடுங்கள்.

ஸ்டிக்கைப் பிடித்திருப்பவரே படத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்டிக்கை எடுத்துவிட்டால் அவர் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அதைச் சரிசெய்யக் கையையே புதிதாக வரைய வேண்டும்.

படத்தில் இல்லாத ஒருவருடைய கை ஓரத்தில் இருப்பவரின் தோள்மேல் இருக்கிறது. எடுக்க முடியுமா?

சட்டை ஒரே நிறமாக இருந்தால் முடியும். மற்றத் தோளைச் சுற்றித் தேர்ந்தெடுத்து, காப்பி எடுத்து, பக்கவாட்டில் திருப்பி, கைமேல் வைத்துப் பொருத்துவதுதான் வழி. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் திருப்பிய தோளில் நிழல் தப்பான பக்கம் விழும், காலை வெயிலில் எடுத்த படத்தில் இது உடனே காட்டிக்கொடுக்கும், மப்பு நாளில் எடுத்ததில் தெரியாது. கோடு போட்ட சட்டையும் பூப் போட்ட சேலையும் திருப்பினால் ஒத்துவராது. தோளில் கை அழுத்திய மடிப்பு, கையின் கீழே விழுந்த நிழல் இரண்டையும் சேர்த்து மூட வேண்டும், விரல்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த நிழலை விட்டால் தோளில் அழுக்குப் பட்ட மாதிரி இருக்கும்.

விரல் முகத்தையோ காதையோ மறைத்திருந்தால் நான் செய்வதில்லை. பின்னால் இருந்த கூரையை நான் கட்டலாம், ஒருவருடைய முகத்தைக் கட்டினால் அது அவருடைய முகமாக இருக்காது.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செய்த கண்ணுக்கு எதுவும் தெரியாது, அதனால் படத்தை மாற்றிப் பாருங்கள். முதலில் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், பழகிய இடம் புதிதாகத் தெரியும், ஒட்டு இருந்தால் கண் அங்கே போகும். அடுத்தது Curves-இல் மாறுபாட்டைப் பலமாகக் கூட்டுங்கள், சேமிப்பதற்காக அல்ல, பார்ப்பதற்கு மட்டும். பனியிலும் சுவரிலும் நிறம் தப்பிய திட்டுகள் அப்போது பளிச்சென்று வெளியே வரும். அவை இருந்தால் ஹீலால் தடவிவிட்டுத் திரும்பப் பாருங்கள். பனி மட்டும் மிகவும் வழவழப்பாகிவிட்டால் Filters > Noise > RGB Noise-ஐ மிகக் குறைவாக, சுற்றியுள்ள புள்ளி அளவுக்கு மட்டும் தூவுங்கள்.

அப்புறம் கையின் மிச்சம். தரையில் நிழல், ஓரத்தில் நிற்பவரின் கண்ணாடியில் போனின் வெள்ளைப் பிரதிபலிப்பு, இந்த இரண்டையும் தேடுங்கள். நோர்வூட் படத்தில் எல்லாம் முடித்துப் பிரிண்டுக்கு அனுப்பப் போகும்போதுதான் பார்த்தேன், மாமாவின் கை போய்விட்டது, அதன் நிழல் அப்பாயியின் காலடியில் அப்படியே விரல் விரித்துக் கிடந்தது. முற்றத்து மண்ணைப் பக்கத்திலிருந்து எடுத்து மூட இன்னும் ஐந்து நிமிடம் ஆனது.